குன்றிமணிக் கண்கள்

பிள்ளையாரைத் தண்ணீருக்குள் இறக்கியதும் ஒரு சத்தம் வரும். தொட்டியின் விளிம்பில் காதை வைத்தால்தான் கேட்கும். சோடாவைத் திறந்து ஐந்து நிமிடம் கழித்துக் கேட்கிற மாதிரி ஒரு மெல்லிய சீறல். கூடவே உடம்பெங்கும் ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பி மேலே வரும். ஒவ்வோர் ஆண்டும் சதுர்த்திக்கு மூன்றாம் நாள் எங்கள் மொட்டை மாடியில் நானும் அம்மாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்போம். பேச்சு அதிகம் இருக்காது.

இந்த ஆண்டுப் பிள்ளையார் முக்கால் அடி உயரம், சமையலறைத் தராசில் இரண்டேகால் கிலோ. காலை பத்து மணிக்கு நீல பிளாஸ்டிக் தொட்டியில் தும்பிக்கை மூழ்கும்படி வைத்தோம். நான்காவது நிமிடம் இடது காது சரிந்தது. பிட்டு உதிர்வதுபோல, உடைந்த ஓசையே இல்லாமல், அடுக்கடுக்காகக் கழன்று கீழே போய்ப் படிந்தது. பத்து நிமிடத்துக்குள் தும்பிக்கை இல்லை. பிறகு கைகளும், கையிலிருந்த கொழுக்கட்டையும் போயின. அரை மணி நேரத்தில் வயிறு மட்டும் ஒரு சின்னக் குன்றாக நின்றது. பீடம்தான் கடைசி, சாயங்காலம் வரை இருந்தது. நாங்கள் கையால் தொடவில்லை, கலக்கவில்லை. கலக்கினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது தானாகப் போகட்டும் என்று விடுவதற்குத்தானே அந்த நாளை ஒதுக்கியிருக்கிறோம்.

இப்படிப் பார்த்துக்கொண்டு உட்காரும் பழக்கம் எங்கள் வீட்டில் ஒரு தவற்றிலிருந்து வந்தது.

அப்பா இறந்த ஆண்டு வீட்டில் பண்டிகை இல்லை. அஸ்தியைத் திருப்புவனத்துக்குக் கொண்டுபோனோம். மதுரையிலிருந்து தென்கிழக்கே இருபது கிலோமீட்டர். வைகைக் கரையில் கரைத்த அஸ்தி பூவானது என்று சொல்லப்படும் ஊர் அது. எங்கள் பக்கத்தில் அது காசிக்குச் சமம். நாங்கள் போன அன்று ஆற்றில் நீரோட்டம் இல்லை. மணலைத் தோண்டி ஊறிய தண்ணீரில்தான் காரியம் நடந்தது. மண்கலயத்தைக் கவிழ்த்தேன். சாம்பல் ஒரு கணம் மேலே மிதந்து, பிறகு இறங்கியது. நிமிடக் கணக்கில்கூட இல்லை. நான் அதை நெடுநேரம் பிடிக்கும் காரியம் என்று எண்ணியிருந்தேன் போலிருக்கிறது. வெறும் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன்.

வருடம் திரும்பி முதல் சதுர்த்தி வந்தது. அந்த முறை நான்தான் கடைக்குப் போனேன். சாலையோரத்தில் வரிசையாக வைத்திருந்ததில் மண் நிறத்தில், வழவழப்பாக, முகம் மிக அழகாக இருந்த ஒன்றை எடுத்தேன். “களிமண்தான்” என்றார்கள். பூசை முடிந்து மூன்றாம் நாள் தொட்டியில் இறக்கினோம். சீறல் வரவில்லை. குமிழிகள் கொஞ்சம் வந்து நின்றுவிட்டன. மாலையில் பார்த்தால் நிறம் மட்டும் ஆங்காங்கே வெளுத்திருந்தது. மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள், தண்ணீருக்குள் முழுக் கண்ணோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையாரை வெளியில் எடுத்தோம். அம்மா கீழே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து, ஒரு பழைய வேட்டியால் சிலையை மூடி, அதன் மேல் அடித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி போன்ற பொருளும் தேங்காய் நாரும் இருந்தன. அம்மா அழுதார். அப்பா போனதற்குப் பிறகு அவர் அப்படி அழுது நான் பார்த்தது அன்றுதான். “உங்கள் அப்பாவே ஒரு நொடியில் கரைந்து போனார். இதைக் கரைக்க முடியவில்லையே” என்றார்.

அஸ்தியையும் கரைக்கிறோம், பிள்ளையாரையும் கரைக்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். அன்று அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அடுத்த ஆண்டு ஆவணி பிறப்பதற்கு முன்பே விளாச்சேரிக்குப் போனேன்.

விளாச்சேரி திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே இருக்கிறது. பரிதிமாற்கலைஞர் பிறந்த ஊர் என்று பள்ளியில் படித்திருப்போம். மதுரைக்காரர்களுக்கு அது முதலில் பொம்மைகளின் ஊர். தெருவில் நடந்தால் திண்ணைகளிலும் வாசல்களிலும் கொலுவுக்கான தசாவதார செட்டும், கார்த்திகைக்கான விளக்கும், கிறிஸ்துமஸ் குடிலுக்கான குழந்தை இயேசுவும், சதுர்த்திப் பிள்ளையாரும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு வீட்டில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு வேளார் என்னை உட்காரவைத்துப் பேசினார். நடந்ததைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. “அதை மண் என்று சொல்லி விற்றவர்கள் பாவத்தைச் சேர்த்துக்கொண்டார்கள், தம்பி” என்று மட்டும் சொன்னார்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். சிலையைத் திருப்பி, வண்ணம் படாத அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். பச்சை மண் உடனே அதைக் குடித்துக் கறுக்கும். விரலால் தேய்த்தால் விரலில் சேறு ஒட்டும், மண்வாசனை வரும். சுட்ட மண்ணும் தண்ணீரைக் குடிக்கும், ஆனால் விரல் சுத்தமாக இருக்கும். தட்டினால் பானைபோல் ஓசை வரும். மாவுச் சிலை, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், நகத்தால் கீறினாலே வெள்ளைப் பொடி உதிரும். இதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவையில்லை. கடைக்காரர் முன்பாகவே செய்யலாம்; உண்மையான மண்ணை விற்பவர் தடுக்கமாட்டார்.

இந்த மூன்றும் தண்ணீரோடு வெவ்வேறு கணக்கு வைத்திருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. ஈரமான களிமண்ணைக் காயவைக்கும்போது வெளியேறுவது துகள்களுக்கு இடையில் இருந்த தண்ணீர். அது போன வழியிலேயே திரும்பி வரலாம். ஆனால் களிமண்ணுக்கு உள்ளேயே, அதன் கட்டமைப்பின் பகுதியாக, இன்னொரு நீர் இருக்கிறது. சூளையில் வெப்பம் ஏறக்குறைய 500, 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அதுவும் போய்விடுகிறது. அது போனால் திரும்பாது. எத்தனை நாள் ஊறவைத்தாலும் ஓடு மறுபடி மண்ணாகாது. மாவுச் சிலையின் கதை தலைகீழ். ஜிப்சம் என்னும் கனிமத்தை 150 டிகிரி அளவில் சூடாக்கி அதிலிருந்த நீரில் முக்கால் பங்கை விரட்டிப் பொடியாக்குகிறார்கள். பொடியில் தண்ணீர் விட்டதும் அது இழந்த நீரை வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாக இறுகுகிறது. தண்ணீரால் இறுகியதைத் தண்ணீரிலேயே போட்டு என்ன பயன்?

இதில் ஒரு நுட்பம் உண்டு. சர்க்கரை கரைவது, உப்பு கரைவது என்ற பொருளில் பார்த்தால் மூன்றில் உண்மையாகக் கரையக்கூடியது ஜிப்சம் ஒன்றுதான். ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். ஆக ஐந்து கிலோ சிலையைக் கரைக்க இரண்டாயிரம் லிட்டர் வேண்டும், அதுவும் பல நாள். அவ்வளவும் போய் அந்தத் தண்ணீரைக் கடினமாக்கும். 2020 மே மாதம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட திருத்திய வழிமுறைகள் இந்தச் சிலைகளைக் கூடாது என்று சொல்வதன் பின்னணியில் இதுவும், மேலே பூசும் வண்ணங்களும் இருக்கின்றன. களிமண்ணோ வேதியியல்படி கரைவதே இல்லை. பிரிகிறது, அவ்வளவுதான். ஒரு துகள்கூடக் காணாமல் போவதில்லை. பிள்ளையார் என்கிற சேர்க்கை மட்டும் போகிறது.

வேளார் மண் சேர்ப்பதைக் காட்டினார். கண்மாய்க் களிமண்ணைக் கட்டி உடைத்துக் கல்லும் வேரும் பொறுக்கி, தொட்டியில் ஊறவைத்து, மறுநாள் மணல் கலந்து காலால் மிதிக்கிறார்கள். மணல் சேர்க்காவிட்டால் காயும்போது வெடிக்கும். அதிகமானால் மூக்கும் விரலும் நிற்காது. எவ்வளவு என்பதற்கு அவரிடம் அளவு இல்லை. மிதித்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கயிறுபோல் உருட்டிக் கட்டைவிரலில் சுற்றிக் காட்டினார். விரிசல் விடாமல் சுற்றினால் சரி. பிறகு முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. அரை அங்குலத் தடிமனில் மண்ணை அச்சில் அழுத்தி, ஓரங்களைக் கீறிவிட்டு, குழம்பாகக் கரைத்த மண்ணைத் தடவி இரண்டையும் சேர்க்கிறார்கள். உள்ளே வெற்றிடம். காற்று வெளியேற அடியில் ஒரு துளை. இறக்கிய பிறகு தும்பிக்கை, காது, பூணூல் எல்லாம் கைவேலை. காயும்போது பத்து அங்குலப் பிள்ளையார் அரை அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிடுவார் என்பதையும் சேர்த்துத்தான் அச்சு செய்திருக்கிறார்கள்.

அந்த முதல் ஆண்டு நான் அவசரப்பட்டேன். சதுர்த்திக்கு நான்கு நாள் இருக்கும்போது மறுபடி போய், அப்போதுதான் ஈரம் இழுத்திருந்த ஒன்றைக் கேட்டேன். அவர் அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் குளிர்கிறது. இதைக் கொண்டுபோனால் கரையாது” என்றார். எனக்குப் புரியவில்லை. ஈரமான மண்தானே சுலபமாகக் கரைய வேண்டும்? அவர் விளக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, மிதித்த ஈரமண்ணில் ஓர் உருண்டையையும், பரணில் முழுக்கக் காய்ந்து கிடந்த ஓர் உடைந்த காதையும் உள்ளே போட்டார். பேசிக்கொண்டிருந்தோம். காபி வந்தது. காபி குடித்து முடிப்பதற்குள் காது இருந்த இடத்தில் ஒரு சின்ன மண்மேடு மட்டும் இருந்தது. உருண்டை உருண்டையாகவே இருந்தது. நான் கிளம்பும்வரை அதன் மேல் பதிந்திருந்த விரல்ரேகைகூட அழியவில்லை.

காரணத்தை நான் பிறகு தேடிப் படித்தேன். முழுக்கக் காய்ந்த மண்ணின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே உறிஞ்சப்படும்போது அந்தக் காற்று நடுவில் அகப்பட்டு, நெருக்கப்பட்டு, மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அந்தச் சீறலும் குமிழிகளும் அதுதான். அதே நேரத்தில் களித்துகள்கள் நீரை வாங்கி உப்பி ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஈரமண்ணின் துளைகளில் முன்பே தண்ணீர் இருப்பதால் உறிஞ்சவும் இடமில்லை, வெடிக்கக் காற்றும் இல்லை. ஆகவே நன்றாகக் கரைய வேண்டுமென்றால் முதலில் நன்றாகக் காய வேண்டும். நிழலில் எட்டு, பத்து நாள். பிறகு ஒரு நாள் இளவெயில். கன்னத்தில் வைத்தால் குளிரக் கூடாது. எண்ணெய் வண்ணமோ வார்னிஷோ அடித்தால் துளைகள் அடைபட்டு இதே தொல்லை வரும். பால், பஞ்சாமிர்தம் என்று சிலைக்கு நேராக அபிஷேகம் செய்தாலும் மண் ஈரமாகிவிடும். எங்கள் வீட்டில் இப்போது அபிஷேகம் மஞ்சள் பிள்ளையாருக்குத்தான்.

கரைப்பதற்கு முன்பு செய்யும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலையில் சின்னதாக ஒரு பூசை செய்து, தயிர்சாதம் வைத்து, சிலையைப் பீடத்தோடு வடக்குப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்துவோம். அதோடு வந்தவர் திரும்பிவிட்டார் என்று கணக்கு. அதற்குப் பிறகு கையில் இருப்பது மண். தொப்புளில் பதித்த காசை அம்மா எடுத்துக்கொள்வார், பூணூலையும் குடையையும் கழற்றுவார். சிறுவயதில் இந்த நகர்த்தல் எனக்குச் சடங்கின் ஒரு சிறு துண்டாகத்தான் தெரிந்தது. சுத்தியல் ஆண்டுக்குப் பிறகுதான் அதன் கருணை புரிந்தது. நாம் தெய்வத்தைத் தண்ணீரில் போடவில்லை. தெய்வம் போன பிறகு, இருந்த வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

எங்கள் அப்பத்தா இந்தக் கருணைக்கு ஒத்துக்கொண்டிருக்கமாட்டார். அவர் ஊர் பேரையூர்ப் பக்கம். அங்கே முத்தாலம்மனுக்குக் கோயில் உண்டு, ஆனால் கருவறையில் நிரந்தரமான சிலை கிடையாது. மதுரையின் தெற்கிலும் மேற்கிலும் பல ஊர்களில் இந்த வழக்கம் இருக்கிறது. திருவிழா சாட்டியதும் ஊரார் கண்மாயில் பிடிமண் எடுத்து, வெற்றிலை பாக்கோடு வேளாரிடம் கொடுப்பார்கள். அவர் விரதமிருந்து அம்மனைச் செய்வார். இரவில் கண் திறப்பார்கள். அதுவரை அது பொம்மை; கண் திறந்த நொடியிலிருந்து அம்மன். சப்பரத்தில் ஏற்றி, வாணவேடிக்கையோடு ஊருக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு ராத்திரி, ஒரு பகல். பொங்கல், மாவிளக்கு, முளைப்பாரி எல்லாம் அதற்குள். மறுநாள் பொழுது சாய்கிற வேளையில் அம்மனை எடுத்துக்கொண்டு போய் நீரில் சேர்த்துவிடுவார்கள். நகர்த்தி வைப்பது, திருப்பி அனுப்புவது எதுவும் நான் பார்த்ததில்லை. கண் திறந்தபடியே போவாள்.

சப்பரம் கிளம்பும்போது அப்பத்தா வாசலுக்கு வரமாட்டார். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உள்ளே தூணோரம் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று எட்டு வயதில் ஒரு முறை கேட்டேன். “நேற்று ராத்திரி வந்த பெண். அதற்குள் போகிறாளே, எப்படிப் பார்ப்பது?” என்றார். மறுநாள் காலையில் அவர் எழுந்து வாசல் தெளித்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு பிடிமண் கொடுக்கும் நாளுக்கு முதல் ஆளாகப் போய் நின்றார்.

கல்லில் அம்மன் வைக்க அந்த ஊரால் முடியாமல் இல்லை. கல்லில் ஓர் அய்யனாரும் கருப்பசாமியும் அதே ஊரில் இருக்கிறார்கள். முத்தாலம்மனை மட்டும் ஆண்டுதோறும் செய்து ஆண்டுதோறும் இழக்கிறார்கள். அதனால் ஒன்று நடக்கிறது: செய்யத் தெரிந்த குடும்பம் ஒன்று ஊரோடு எப்போதும் இருக்க வேண்டும். மண் கொடுக்கும் கண்மாய் இருக்க வேண்டும். கண் திறக்கும் முறை தெரிந்தவர் தன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கல்லில் வைத்திருந்தால் ஒரு சிற்பி ஒரு முறை வந்து போயிருப்பார். கண்மாய் தூர்ந்தாலும் அம்மனுக்கு ஒன்றும் ஆகாது.

திருமந்திரத்தில் யாக்கை நிலையாமை பற்றிய பகுதியில் இரண்டு பாத்திரங்கள் வருகின்றன. மண் ஒன்றுதான். தீயைச் சேர்ந்தது திண்ணென்று நின்றுவிட்டது. சேராதது வானிலிருந்து மழை விழுந்ததும் மீண்டும் மண்ணாகிவிட்டது. மனிதர் இறப்பதும் அப்படித்தான் என்கிறார் திருமூலர். சூளைக்கும் மழைக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை இவ்வளவு சரியாகப் பார்த்த ஒருவர் குயவர் தெருவில் நின்று பார்த்திருக்க வேண்டும். அந்த உவமையில் எனக்கு ஒரே ஒரு இடத்தில் மனம் நிற்கிறது. மழையில் மண்ணான பச்சைப் பாத்திரத்தைக் கண்டு துக்கப்படுவது பாத்திரத்தை வாங்கியவர். வேளார் அதை அள்ளித் தொட்டியில் போட்டு மறுபடி மிதிப்பார். விளாச்சேரியில் காயும்போது வெடித்த பிள்ளையார்கள் அப்படித்தான் திரும்பப் போகிறார்கள். சூளையில் வெடித்தவற்றை எதுவும் செய்ய முடியாது. அவை வீட்டுக்குப் பின்னால் குப்பையாகக் கிடக்கின்றன. மண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் இழப்பு எது என்று அந்தக் குவியலைப் பார்த்தபோது எனக்குக் குழம்பிவிட்டது.

அப்பாவின் திதிக்குத் திருப்புவனம் போகும் வழியில்தான் கீழடி இருக்கிறது. 2023-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு ஒரு முறை இறங்கிப் பார்த்தோம். கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகும் ஊர். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு சிவப்பு ஓடுகள். ஒன்றில் ‘ஆதன்’ என்று பெயர் கீறியிருக்கிறது. தன் பானை என்று அடையாளத்துக்குக் கீறியிருப்பார். ஆளும் இல்லை, பானையும் இல்லை. தீயைச் சேர்ந்ததால் அந்தத் துண்டு இருக்கிறது. நான் அங்கே நின்று எண்ணிக்கொண்டிருந்தது அந்தக் கண்ணாடிக்குள் இல்லாததைப் பற்றி. இதே வைகைக் கரையில் யாராவது ஒரு பிடி மண் எடுத்து ஒரு தெய்வத்தைச் செய்து, ஒரு நாள் வைத்திருந்து, ஆற்றில் விட்டிருந்தால் அதற்கு ஒரு தடயமும் இருக்காது. எத்தனை குழி தோண்டினாலும் கிடைக்காது. அது கரையை ஒட்டிய வண்டலோடு வண்டலாகியிருக்கும். செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கரைக்கப்பட்டதைப் பற்றி மண் வாய் திறப்பதில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். “கரைக்கிறவர்கள் சாட்சி வைப்பதற்காகவா கரைக்கிறார்கள்?” என்றார்.

சிம்மக்கல் பக்கம் பேச்சியம்மன் படித்துறையில் ஊர்வலச் சிலைகள் கரைப்பதைச் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்போது போவதில்லை. ஒரு முறை மறுநாள் காலையில் போய்ப் பார்த்ததே போதும். முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் கைகளும் தும்பிக்கைகளும் நீட்டிக்கொண்டிருந்தன. சிலையின் அளவுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணும் கரையாது, நனைந்து சரிந்து கிடக்கும். வைகைக்கு இருக்கும் தண்ணீரைப் பார்த்துச் சிலையின் உயரத்தை முடிவு செய்யும் பொறுப்பு நமக்கு வர வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன். எங்கள் வீட்டு அளவு தொட்டியின் அளவு.

தொட்டியில் பீடமும் போன பிறகு ஓர் இரவு அப்படியே விடுகிறோம். மணல் உடனே அடியில் போய்விடும். களித்துகள்களில் பெரியதுகூடப் பத்து சென்டிமீட்டர் இறங்க எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஓர் அடித் தண்ணீர் தெளியக் குறைந்தது ஒரு முழு நாள். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் துகள்கள் திரண்டு சீக்கிரமே படிந்துவிடுகின்றன. குழாயில் வரும் நல்ல தண்ணீரில் செய்த ஆண்டு இரண்டு நாளாகியும் பால்போல் இருந்தது. அம்மா தேத்தாங்கொட்டையை ஒரு மண்சட்டியில் உரைத்து ஊற்றினார். சற்று நேரத்தில் தெளிந்தது. தெளிந்த தண்ணீரை மேலாக வடித்துச் செடிகளுக்கு ஊற்றுவோம். அடியில் வழவழவென்று இருக்கும் சேற்றை ஒரு பழைய சேலைத் துணியில் வடிகட்டிக் காயவைத்து, பாளம் பாளமாக எடுத்து, அடுத்த ஆடியில் விளாச்சேரிக்குக் கொண்டுபோகிறோம். வேளார் முதல் தடவை தயங்கினார். துணியில் வடிகட்டியது என்று சொன்னதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு வாங்கித் தொட்டியில் போட்டார். இரண்டு கிலோ மண் அந்தத் தொட்டியில் எந்தப் பிள்ளையாருக்குப் போனது என்று யார் சொல்ல முடியும்?

வடிகட்டும்போது துணியில் நிற்பவை இரண்டு குன்றிமணிகள்தான். பிள்ளையாரின் கண்கள். அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. தோல் அத்தனை கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது. சிவப்பும் கறுப்பும் மங்காது. அந்தத் தோல் உடைந்தால் உள்ளே இருப்பது கடும் நஞ்சு என்பதால், குழந்தைகள் உள்ள வீடுகளில் அவற்றை எண்ணி எடுத்து வைக்க வேண்டும். செடித்தொட்டியில் மண்ணோடு விட்டுவிடக் கூடாது. அம்மா அவற்றைக் கழுவி, துடைத்து, அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைக்கிறார். ஆடியில் மண் பாளங்களோடு அதுவும் விளாச்சேரிக்கு வரும். “இந்தக் கண்களையே வையுங்கள், அண்ணே” என்று கொடுப்பார். எட்டு ஆண்டுகளாக எட்டுப் பிள்ளையார்கள் அதே இரண்டு மணிகளால்தான் எங்களைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டு துணியில் ஒன்றுதான் இருந்தது. சேற்றை மறுபடி தண்ணீரில் கரைத்து வடிகட்டினோம். தொட்டியின் அடியைத் தடவினோம். செடித்தொட்டிகளில் ஊற்றிய இடங்களைக் கிளறினேன். மாடித் தண்ணீர் போகும் குழாய் வாயில் கம்பி விட்டுப் பார்த்தேன். இருட்டத் தொடங்கியதும் அம்மா எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு, “விடு. வேளாரிடம் ஒரு புது மணி இருக்கும்” என்றார். மிஞ்சிய ஒன்றை முந்தானையில் துடைத்து, கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடிவிட்டுக் கீழே இறங்கினார்.